பீடோரில் ஒன்றரை லட்சம், ஊத்தான் மெலிந்தாங்கில் எவ்வளவு?

போன வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவில், அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார். "தம்பி, நீதானே வீட்டு வேலையெல்லாம் பாக்குற? வீடு ஒன்னு கட்ட எவ்வளவுப்பா ஆகும்?"

இருபது வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். முதலில் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர், இப்போது சொந்தமாகச் சிறிய வீடுகள் மட்டும். இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டில் கேட்பார்கள், ரோட்டோரத்துத் தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், ஒருமுறை சாவு வீட்டிலும் கேட்டார்கள். எத்தனை அறை, எந்த இடம், எப்படிப்பட்ட வீடு என்று எதுவும் இருக்காது. கேட்பவர்மீது தப்பில்லை, அவருக்கு அதுதான் முதல் கேள்வி. தப்பு எங்கே நடக்கிறதென்றால், நம்மில் ஒருவர் வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம், அது அவர் மனதில் ஆணி அடித்ததுபோல நின்றுவிடுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். நான் சொன்ன தொகையை நம்பி வேலையை ஆரம்பித்த ஒரு குடும்பம் கூரை போடப் பணமில்லாமல் எட்டு மாதம் நின்றது. மழையில் நனைந்து பாசி பிடித்த அந்தச் சுவர்களை நான் தினமும் கடந்து போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பந்தியில் வைத்து யாருக்கும் தொகை சொல்வதில்லை.

அக்காவின் நிலைமை இதுதான். அவரும் அவர் கணவரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் மண்டோராக இருந்து ஓய்வு பெறப் போகிறார். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் 50க்கு 80 அடியில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். இருவரின் இபிஎஃப் பணமும் மகன் தருவதும் சேர்த்து இரண்டு லட்சம் ரிங்கிட் கையில் வரும். அக்காவின் அண்ணன் மகன் பீடோரில் வீடு கட்டி முடித்திருந்தான், அவன் "ஒன்றரை லட்சத்துக்குள்ள முடிச்சிட்டேன் அத்தை" என்று சொல்லியிருக்கிறான். ஆகவே அக்கா மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: ஒன்றரை லட்சத்தில் வீடு, மிச்சம் ஐம்பதாயிரம் கடைசிக் காலத்துக்கு.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டை நான் போய்ப் பார்த்தேன். உள்ளளவு 850 சதுர அடி, மூன்று அறை, இரண்டு குளியலறை. சதுர அடிக்கு 150 ரிங்கிட் வீதம் 1,27,500. பிளான், இன்ஜினியர், மின்சாரம், தண்ணீர் இணைப்பு, செப்டிக் டேங்க் எல்லாம் சேர்த்து 14,000. ஆக 1,41,500. கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் அவன் மனை மேட்டில் இருக்கிறது, அடியில் கெட்டியான செம்மண். மூன்று அடி தோண்டி, தூணுக்கு ஒரு கான்கிரீட் பாதம் போட்டு மேலே ஏறிவிட்டார்கள். பீடோர் முழுவதும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ஈய லம்பம் இருந்த நிலங்களில் அடியில் சேறும் மணலும் மாறி மாறிக் கிடக்கும், அங்கே கதை வேறு. அவனுக்கு நல்ல மண் வாய்த்தது.

அதே வீட்டை அதே ஆட்களை வைத்து அக்காவின் மனையில் கட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காத பள்ளிக்கூடப் பிள்ளை பேராக்கில் இருக்காது. அது சாய்ந்ததற்குக் காரணம் அடியிலிருக்கும் மெத்து மண். பேராக் ஆற்றுக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கும் இந்தத் தாழ்நிலம் முழுக்கச் சாம்பல் நிறக் களிமண், சில இடங்களில் மேலே கரிமண் வேறு. தோட்டம் போட்டபோது பாரிட் வெட்டி நீரை வடித்துத்தான் இந்த நிலத்தைப் பயன்படுத்தினார்கள். நீர் வடிய வடிய மண் சுருங்கும், அதனால் நிலமே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பழைய லயத்து வீடுகள் பலகை வீடுகளாக, தரையிலிருந்து உயர்த்திக் கட்டியதாக இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் வந்த பிறகுதான் விரிசல் வந்தது.

அக்காவின் மனைக்குப் போன முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு அவர் வீட்டைச் சுற்றி நடந்தேன். ஒரு மனையின் மண்ணை அறிய இதைவிட மலிவான வழி கிடையாது. வீட்டுச் சுவருக்கும் வெளியே போட்டிருந்த சிமெந்துத் தரைக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி. போர்ச்சின் தரை வாசல் படியைவிட ஒரு சாண் தாழ்ந்து கிடந்தது. முதலில் ஒரே மட்டமாகத்தான் போட்டார்களாம், இப்போது படிக்குக் கீழே இன்னொரு படி கட்டியிருந்தார்கள். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் மட்டும் எங்கேயும் இல்லை. அதாவது வீடு தூணோடு நிற்கிறது, சுற்றியுள்ள மண்தான் இறங்குகிறது. அந்த வீட்டுக்கு அடியில் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக அடித்து இறக்கும் தூண், இருக்கிறது, போர்ச்சுக்கு இல்லை. கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார்.

அடுத்து மண்ணைச் சோதித்தோம். பெரிய துளைபோடும் இயந்திரம் எல்லாம் வேண்டியதில்லை, சின்ன வீட்டுக்கு மெக்கிந்தோஷ் புரோப் போதும். ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் கூர்முனை. 5 கிலோ எடையுள்ள சுத்தியல் 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தட்டும். ஒவ்வோர் அடி ஆழம் இறங்க எத்தனை தட்டு பிடிக்கிறது என்று எண்ணிக்கொண்டே போவார்கள், ஓர் அடிக்கு 400 தட்டு ஆனால் நிறுத்திவிடலாம். அக்கா குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தார். மேலே மூன்று அடி காய்ந்த மண், கொஞ்சம் தட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே, சுத்தியலை மெதுவாக வைத்தாலே கம்பி தானாக இறங்கியது. பத்து அடி, இருபது அடி, முப்பது அடி வரை ஒற்றை இலக்கத் தட்டுகள்தான். அக்கா முகம் மாறியதைப் பார்த்தேன். நாற்பது அடிக்கு மேல்தான் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது, 48 அடியில் 400 வந்தது. நான்கு இடத்தில் தட்டிப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை.

ஊரில் பெரியவர்கள் "பாக்காவ் கட்டை குத்துனா போதும்பா, எங்க காலத்துல அதுலதானே கட்டுனோம்" என்பார்கள். உண்மைதான். பாக்காவ் கட்டை சுமார் 20 அடி நீளம் இருக்கும், கொத்துக் கொத்தாகக் குத்தினால் களிமண்ணின் பிடியிலேயே ஓர் இலேசான வீட்டைத் தாங்கும். எப்போதும் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருந்தால் மரம் மக்காது. ஆனால் பக்கத்தில் புதிதாகப் பாரிட் வெட்டி நீர்மட்டம் இறங்கினால், கட்டையின் தலைப்பகுதி காற்றுப்பட்டு அழுக ஆரம்பித்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. 20 அடிக் கட்டை 48 அடிக் களியில் எதன்மேலும் நிற்பதில்லை, மிதக்கிறது. களி இறங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். அக்காவின் மனையில் களி இறங்கப் போகிறது என்பது உறுதி, ஏனென்றால் நாமே அதன் தலைமேல் மண் கொட்டப் போகிறோம்.

மனை ரோட்டைவிட இரண்டரை அடி பள்ளத்தில் இருந்தது. பெரிய மழையென்றால் தண்ணீர் அங்கேதான் நிற்கும். மேடாக்காமல் கட்ட வழியில்லை. 50க்கு 80, இரண்டரை அடி உயரம் என்றால் 10,000 கன அடி. மிதித்து இறுக்கினால் மண் அமுங்கும் என்பதால் கூடுதலாகவே வாங்க வேண்டும், சிறிய லோரியில் 70 லோரி. லோரிக்கு 180 வீதம் 12,600 ரிங்கிட். பணத்தைவிடப் பெரிய விஷயம் அதன் எடை. இரண்டரை அடி உயரத்துக்குக் கொட்டிய மண், ஒரு மாடிச் செங்கல் வீட்டை அந்த நிலத்தின்மேல் பரப்பி வைத்தால் வரும் பாரத்துக்கு ஏறத்தாழச் சமம். வீடு கட்டுவதற்கு முன்பே களியின்மேல் ஒரு வீட்டை ஏற்றி வைத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கும். பக்கத்து வீட்டுப் போர்ச் இறங்கியதற்கு இதுதான் காரணம். அதனால் மண்ணைக் கொட்டிவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்ததால் அது முடிந்தது. அவசரம் என்று ஒரே மாதத்தில் மண்ணும் கொட்டி பைலும் அடித்தால், அமுங்கும் மண் பைலையும் அதிகமாகக் கீழே இழுக்கும்.

ஆகவே கான்கிரீட் பைல்தான். இங்கே விலை கேட்கும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதிகச் சண்டை நடக்கும் இடம் இதுதான். அக்கா எனக்கு முன்னாலேயே இரண்டு காண்ட்ராக்டரிடம் விலை வாங்கி வைத்திருந்தார். அப்போது அவர் மனதில் இருந்த வீடு பெரியது: உள்வீடு 1,000, பின்புறம் ஈரச் சமையலறை 180, முன்னால் போர்ச் 320 சதுர அடி. முதலாமவர் சதுர அடிக்கு 150, இரண்டாமவர் 185. "இவரு 35 வெள்ளி கொறைச்சலா சொல்றாரு தம்பி" என்று முதல் தாளை எடுத்து நீட்டினார்.

சரி, எதைச் சதுர அடி என்கிறார்கள் என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். முதலாமவர் போர்ச்சையும் ஈரச் சமையலறையையும் முழுசாக எண்ணியிருந்தார்: 1,500 அடி, 2,25,000 ரிங்கிட். இரண்டாமவர் அந்த இரண்டையும் பாதியாக எண்ணியிருந்தார்: 1,250 அடி, 2,31,250. வித்தியாசம் 35 வெள்ளியிலிருந்து மொத்தமே 6,250 ஆகச் சுருங்கிவிட்டது. அப்புறம் தாளின் கடைசிப் பக்கம். முதலாமவர் தாளில் சின்ன எழுத்தில் "பைலிங் சேராது" என்று இருந்தது. இரண்டாமவர் பைலிங் சேர்த்திருந்தார், ஆனால் 30 அடி நீளத்துக்கு மட்டும், அதற்குமேல் போனால் தனிக் காசு. புரோப் 48 அடி என்று சொல்லிவிட்ட பிறகு, அந்த 30 அடி என்பது விலையைக் குறைத்துக் காட்ட மட்டும்தான் உதவும். கையெழுத்துப் போட்டிருந்தால், பைல் அடிக்கும் நாளில் பாதி நீளம் கூடுதல் செலவாக வந்து நின்றிருக்கும். பைல் பாதியில் நிற்கும்போது பேரம் பேச முடியாது.

நான் எல்லாரிடமும் சொல்வது, பைலிங் விலையைத் தனித் தாளில் எழுதி வாங்குங்கள். இயந்திரம் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போக எவ்வளவு, உள்ளே இறங்கிய ஓர் அடிக்கு எவ்வளவு. மண்ணுக்குள் எத்தனை அடி போனதோ அதற்கு மட்டும் காசு. கூடப் போனால் கூடக் கொடுப்போம், குறைந்தால் குறைத்துக்கொள்வோம். நேர்மையான பைலிங்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

டைல்ஸ் பற்றிக் கேட்பீர்கள். வீட்டுச் செலவு என்று பேச்சு வந்தாலே எங்கள் வீடுகளில் டைல்ஸ்தான் பெரிய விவாதம், அக்கா வீட்டிலும் மருமகள் ஒரு படம், மகன் ஒரு படம் காட்டினார்கள். 850 சதுர அடி வீட்டுக்கு வெட்டுக் கழிவோடு 930 அடி டைல்ஸ் என்று வையுங்கள். அடிக்கு 3 ரிங்கிட் டைல்ஸும் 6 ரிங்கிட் டைல்ஸும் முடிவில் 2,790 ரிங்கிட்தான் வித்தியாசம். அதைப்போல ஒன்பது மடங்குக்குமேல் பணம் தரைக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல் போகப் போகிறது. குழாய், கதவு, விளக்கு எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பைலை மாற்ற முடியாது.

எல்லாம் தெரிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1,000 அடி வீடு முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது. பீடோர் வீட்டின் அதே 850 அடி, 34க்கு 25, நேர்ச் செவ்வகம், மூலைகள் அதிகம் இல்லாதது. ஈரச் சமையலறை அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பதினாறு தூண். போர்ச்சுக்கு இரண்டு. பதினெட்டு பைல், 48 அடியோடு கொட்டிய மண்ணின் உயரத்தையும் கொஞ்சம் தாராளத்தையும் சேர்த்து ஒவ்வொன்றும் 54 அடி, மொத்தம் 972 அடி. அடிக்கு 22 ரிங்கிட் வீதம் 21,384, இயந்திரத்துக்கு 4,000. பைலிங் 25,384. மண் 12,600. மேல்வீடு 1,27,500. பிளான், இன்ஜினியர், இணைப்பு வகையறா 14,000. 270 அடிப் போர்ச்சுக்குச் சதுர அடி 70 வீதம் 18,900. எல்லாம் கூட்டினால் 1,98,384.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இருக்குற காசு சரியாப் போயிடும்ல?"

போகாது. வீடு கட்டும்போது கையில் ஒரு காசு மிச்சமில்லாமல் இறங்குவது எனக்குப் பயம் தரும் விஷயம், அந்தப் பாசி பிடித்த சுவர்கள் கண்முன் வரும். மழையில் பத்து நாள் வேலை நிற்கும், இரும்பு விலை ஏறும், மின்சார மீட்டருக்கு ஒரு கம்பம் கூடுதலாக வேண்டுமென்பார்கள். பத்தில் ஒரு பங்காவது தனியாக இருக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று நெடுநேரம் பேசினோம். மகன் மூன்றாவது அறையை விடலாம் என்றான், அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள். கடைசியில் போர்ச்சை இப்போது கட்ட வேண்டாம் என்று முடிவானது. ஆனால் அதன் இரண்டு பைலையும் இப்போதே அடித்து, தலையில் கம்பியை நீட்டி மூடி வைத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த இரண்டு பைலுக்கு 2,376 ரிங்கிட். பிறகு தனியாக அடிப்பதென்றால் அந்த இரண்டுக்காக மட்டும் இயந்திரம் மறுபடி வர வேண்டும், இன்னொரு 4,000. பைலே இல்லாமல் போர்ச் போட்டால் பக்கத்து வீட்டில் பார்த்ததுதான். போர்ச்சைக் கழித்தால் 1,79,484. கையில் 20,516 நிற்கும்.

பீடோர் வீட்டைவிட இதற்குக் கூடிய செலவு மண்ணும் பைலும் மட்டும்தான், 37,984 ரிங்கிட். பீடோர்ப் பையனிடமும் இதைச் சொன்னேன். அவன் தன் அத்தைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்தத் தொகையைச் சொன்னான், இப்போது யாராவது கேட்டால் முதலில் "ஒங்க மனை எங்க?" என்று கேட்கிறானாம்.

மழைக்காலம் முடிந்து இந்த வருஷம் பைல் அடித்தார்கள். அக்கா இரண்டு நாளும் மனையிலேயே இருந்தார். பைலில் ஓர் அடிக்கு ஒரு கோடு சிவப்புப் பெயிண்டால் போட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு பைல் நின்றதும் எத்தனையாவது கோடு என்று கேட்டு, பேரனின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டார். மேட்டுப் பக்கம் இருந்தது 51 அடியில் நின்றது. பாரிட் ஓரத்து மூலையில் அடித்தது 58 வரை போய்விட்டது, அதற்குள் பைலிங்காரர் மூன்று முறை திரும்பி என்னைப் பார்த்தார். மாலையில் அக்கா நோட்டைக் கூட்டினார், நானும் என் தாளைக் கூட்டினேன், பைலிங்காரரும் கூட்டினார். மூன்றிலும் 985. நாங்கள் போட்ட கணக்கைவிட 13 அடி கூட. 286 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அக்காவே சொல்லி, அந்தத் தொகையை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினார்.